பழனி பாதயாத்திரைக்குப் பையனுக்கு லீவ் லெட்டர்: டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார், திருத்தித் தாங்களேன்

புதுவயல் அம்மா

பையன் எட்டாம் வகுப்பு, காரைக்குடியில் படிக்கிறான். இந்தத் தைப்பூசத்துக்கு அவனும் அவன் அப்பாவும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். நேர்த்திக்கடன். ஜனவரி 27 செவ்வாய் காலை கிளம்புகிறார்கள். பூசத்தன்று, அதாவது பிப்ரவரி 1 ஞாயிறு, பழனியில் தரிசனம். திங்கட்கிழமை பஸ்ஸில் திரும்பி வீடு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும்.

இதற்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் கீழே. "காரணமும் தேதியும் தெளிவா இல்லம்மா, வேற எழுதிக் குடுங்க" என்று வகுப்பு டீச்சர் டைரியில் வைத்து அனுப்பிவிட்டார். மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன், எங்கே தவறு?

> மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய தலைமையாசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் பள்ளியில் பயிலும் எனது மகனுக்கு எங்கள் வீட்டில் விசேஷம் இருப்பதாலும், குடும்ப சூழ்நிலை காரணமாக வெளியூர் செல்லவேண்டி இருப்பதாலும், தை 13 முதல் ஒரு வாரம் பள்ளிக்கு வர இயலாது என்பதை மிகவும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து விடுப்பு அளித்து உதவுமாறு தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

கண்டனூர்க்காரர்

இதுக்கெல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா? காய்ச்சல்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, யாரும் கேட்கமாட்டாங்க. ஊர் உலகத்துல எல்லா லீவ் லெட்டரும் காய்ச்சல்தான்.

கோட்டையூர் எழுத்தர்

காய்ச்சல் என்று எழுதவே வேண்டாம். மூன்று நாளைத் தாண்டினால் பல பள்ளிகளில் டாக்டர் சான்று கேட்பார்கள், அதற்கு எங்கே போவீர்கள்? பாதயாத்திரை நம் பக்கத்தில் ஒளித்து வைக்கிற காரியமும் இல்லை. பையன் பச்சை வேட்டியோடு நடப்பதை அதே தெருவில் இருக்கிற இன்னொரு பிள்ளை பார்த்துவிட்டு வகுப்பில் சொல்லிவிடும். அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் உங்கள் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மரியாதை அதில் ஏராளமாக இருக்கிறது, செய்திதான் இல்லை. அலுவலகத்தில் இந்தத் தாளைக் கையில் எடுப்பவர் நாலு விஷயத்தைத் தேடுவார்: யார், எந்த வகுப்பு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எதற்காக. உங்கள் கடிதத்தில் பையன் பெயர் இல்லை, வகுப்பு இல்லை, பிரிவு இல்லை. "தங்கள் பள்ளியில் பயிலும் எனது மகன்" என்றால் ஆயிரம் பிள்ளைகளில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரணமும் தன்னைத் தானே மறுக்கிறது. வீட்டில் விசேஷம் என்கிறீர்கள், அதே வாக்கியத்தில் வெளியூர் போகிறோம் என்கிறீர்கள். "குடும்ப சூழ்நிலை" என்றால் படிப்பவர் ஏதோ சங்கடம் என்று நினைத்துக்கொள்வார். நேர்த்திக்கடனுக்குப் பழனி நடக்கிறான் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். ஜனவரிக் கடைசியில் இந்தப் பக்கத்துப் பள்ளி எதற்கும் அது புதிய காரணம் இல்லை.

தேதிதான் பெரிய சிக்கல். தை 13 என்பது நாள்காட்டியில் இருக்கும், வருகைப் பதிவேட்டில் இருக்காது. டீச்சர் அதைப் பார்த்து ஜனவரி 27 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். "ஒரு வாரம்" இன்னும் மோசம். ஏழு நாள் என்று எண்ணினால் பிப்ரவரி 2 திங்கள் வரை வருகிறது. பள்ளிக்கூட வாரம் என்று எடுத்துக்கொண்டால் வெள்ளி 30-ஓடு முடிந்துவிடும், திங்கள்கிழமை பையன் வரவில்லையே என்று உங்களுக்குப் போன் வரும்.

தேவகோட்டை ஆச்சி

எழுத்தர் தம்பி சொல்றது அத்தனையும் சரி. நான் ஒண்ணு சேர்க்கிறேன் ஆத்தா. "பாதம் பணிந்து", "பெரிய மனது வைத்து" இதெல்லாம் எடுத்துருங்க. நம்ம அப்பச்சி காலத்துல கலெக்டருக்கு மனு எழுதுன மாதிரி இருக்கு. "மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்"னு ஆரம்பிச்சு, "கேட்டுக்கொள்கிறேன்"னு முடிச்சு, "நன்றி"ன்னு ஒரு சொல் போட்டா அதுவே நிறைஞ்ச மரியாதை. தலைமையாசிரியர் ஐயாவா அம்மாவான்னு தெரிஞ்சு ஒண்ணை மட்டும் எழுதுங்க. "ஐயா / அம்மையீர்"னு கோடு போட்டு ரெண்டையும் எழுதுறது கடையில வாங்குன படிவம் மாதிரி தெரியும்.

அப்புறம், "வர இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்"னு சொன்னா நீங்க முடிவு பண்ணிட்டு தகவல் சொல்ற மாதிரி ஆகுது. அதே கடிதத்துல கடைசியில "அளித்து உதவுமாறு"ன்னு கெஞ்சுறீங்க. ஒரே தொனியில இருக்கணும். விடுப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்னு ஒரு தடவை சொல்லுங்க, அது போதும்.

வங்கி ஊழியர், காரைக்குடி

நாள் கணக்கை யாரும் சரியாகச் சொல்லவில்லை. நடுவில் சனி, ஞாயிறு வருகிறது. முன்னும் பின்னும் லீவ் எடுத்தால் நடுவில் வரும் விடுமுறையும் லீவாகக் கழியும். ஆக 27 முதல் 2 வரை 7 நாள் என்றுதான் எழுத வேண்டும். தவிர 26 திங்கள் குடியரசு தினம், அதையும் ஒட்டி எடுப்பதால் 8 நாள் ஆகும்.

கோட்டையூர் எழுத்தர்

அது உத்தியோகக்காரர்களின் விடுப்புக் கணக்கு, அதுவும் எல்லா வகை விடுப்புக்கும் அப்படி இல்லை. பிள்ளைகளுக்கு விடுப்பு இருப்பு என்று ஒன்று கிடையாது, அதனால் கழிவதற்கும் ஒன்றும் இல்லை. பள்ளி நடந்த நாட்களில் பிள்ளை எத்தனை நாள் வந்தது என்பது மட்டும்தான் பதிவேட்டுக் கணக்கு. பள்ளி இல்லாத ஞாயிறும் குடியரசு தினமும் அதில் வரவே வராது.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உபயோகமானது. முதல் நாளையும் கடைசி நாளையும் எழுதுவதோடு, நடுவில் எத்தனை பள்ளி நாள் என்றும் எழுதிவிட வேண்டும். 27 செவ்வாய், 28 புதன், 29 வியாழன், 30 வெள்ளி, பிப்ரவரி 2 திங்கள். சனிக்கிழமை பள்ளி இல்லையென்றால் 5 வேலைநாள். சனி உண்டு என்றால் 31-ஐயும் சேர்த்து 6. புதுவயல் அம்மா, அதை டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்திலேயே பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது, ஒரே பள்ளியில் மாதத்துக்கு மாதமும் மாறும்.

தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் எழுதுங்கள். கையெழுத்தில் 27-ஐ 21 என்று படிக்க ரொம்ப நேரம் ஆகாது. கிழமை இருந்தால், 21 புதன் ஆயிற்றே, இங்கே செவ்வாய் என்று இருக்கிறதே என்று படிப்பவருக்கே பொறி தட்டும். "2 வரை" என்றால் இரண்டாம் தேதி வருவானா மாட்டானா என்ற குழப்பமும் உண்டு. அதைத் தீர்க்க ஒரே வழி, மறுபடி வகுப்புக்கு வரும் நாளைத் தனி வாக்கியமாக எழுதுவது. நிறையப் பேர் விடுகிற வாக்கியம் அதுதான்.

பள்ளத்தூர் தமிழ் ஆசிரியை

நம் பாடப்புத்தகத்தில் விடுப்பு விண்ணப்பம் இருக்கிறதே, அதையே பார்த்து எழுதலாம். "எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்." பிள்ளையையே எழுதச் சொன்னால் அதற்கும் பழக்கம் ஆகும்.

தேவகோட்டை ஆச்சி

டீச்சர் அம்மா, அது பிள்ளை எழுதுற கடிதம். இங்க கேக்குறது பெத்தவங்க எழுதுறது. ரெண்டையும் கலந்து எழுதுறதுதான் பெரிய கூத்து. "தங்கள் பள்ளியில் படிக்கும் நான்"னு ஆரம்பிச்சு, அடியில அப்பா கையெழுத்து போட்டிருப்பாரு. படிக்கிறவங்களுக்கு அப்பா எட்டாம் வகுப்பான்னு சிரிப்பு வரும். யார் கையெழுத்து போடுறாங்களோ அவங்க குரல்லதான் முழுசும் இருக்கணும்.

பள்ளத்தூர் தமிழ் ஆசிரியை

கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, ஆச்சி சொன்னதுதான் முறை. அப்படியென்றால் அனுப்புநர் இடத்தில் பெற்றோர் பெயர், பொருளில் பிள்ளை பெயர் என்று வரும். உடம்பில் "என் மகன்" என்று எழுதி "செல்கிறான், வருவான்" என்றே முடிக்கலாம். பெற்றவர் சொல்லும்போது "செல்கிறார்" என்று எழுதத் தேவையில்லை. பொருள் வரியில் மட்டும் "மாணவர்" என்று போட்டால் நன்றாக இருக்கும்.

புதுவயல் அம்மா

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். 29 வியாழன் அவனுக்குக் கணக்கு அலகுத் தேர்வு இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதுவதா, வேண்டாமா? எழுதினால் "தேர்வை விட்டுட்டுப் போகணுமா" என்று கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது. அடுத்தது, கடிதத்தை எப்போது கொடுப்பது? வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டோ எடுத்துப் போட்டால் போதாதா?

கோட்டையூர் எழுத்தர்

இரண்டாவதற்கு முதலில் பதில். 26 திங்கள் குடியரசு தினம், கொடியேற்றத்தன்று யாரும் உங்கள் கடிதத்தைப் பார்க்கமாட்டார்கள். 24, 25 சனி ஞாயிறு. ஆகவே 23 வெள்ளிதான் கடைசி நாள், அன்றைக்குக் கொடுத்தால் தலைமையாசிரியர் இல்லையென்று திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. புதன் அல்லது வியாழன் கொடுத்துவிடுங்கள். தலைமையாசிரியருக்கு எழுதி வகுப்பு ஆசிரியர் வழியாக அனுப்புவது நல்லது. சில பள்ளிகளில் ஒன்றிரண்டு நாள் என்றால் வகுப்பு ஆசிரியரே முடித்துவிடுவார், ஆனால் இது அப்படிப்பட்ட விடுப்பு இல்லை.

வாட்ஸப் குழுவில் வேண்டாம். குழுவில் நாற்பது பெற்றோர் பார்ப்பார்கள், வேறு செய்திகளுக்கு அடியில் போய் மறைந்தும் விடும். தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பதிவேட்டோடு வைத்திருப்பார்கள். கொடுக்கும் முன் அந்தத் தாளைப் போனில் ஒரு போட்டோ எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

தேர்வைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்பேன். எழுதாவிட்டால் தெரியாமல் போகிறார்கள் அல்லது தேர்வுக்குப் பயந்து போகிறான் என்று நினைப்பார்கள். ஆனால் "வேறு நாளில் தேர்வு வைக்கவும்" என்று நீங்கள் கேட்கக் கூடாது. தேர்வைப் பற்றித் தாங்கள் சொல்லும்படி செய்கிறோம் என்று ஒரு வரி போதும்.

பள்ளத்தூர் தமிழ் ஆசிரியை

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலைமையாசிரியருக்குப் போகும் கடிதத்தில் அலகுத் தேர்வு எதற்கு? அது கணக்கு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நடுவில் டைரியில் முடிய வேண்டிய விஷயம். கடிதத்தில் விடுப்பு மட்டும் இருந்தால் அனுமதியும் சீக்கிரம் வரும். தேர்வையும் சேர்த்தால் தலைமையாசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு, பாட ஆசிரியரைக் கேட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப இடம் இருக்கிறது.

கோட்டையூர் எழுத்தர்

திருப்பி அனுப்பினால் அனுப்பட்டுமே, யாத்திரைக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் அல்லவா? டைரியில் எழுதியது கணக்கு ஆசிரியருக்கு மட்டும் தெரியும். மதிப்பெண் பட்டியலில் 'வரவில்லை' என்று விழுந்த பிறகு மாற்றச் சொல்ல உங்களிடம் தாள் இருக்காது. நான் என் பக்கமே நிற்கிறேன், அம்மா எது தோதோ அதைச் செய்யட்டும்.

சாக்கோட்டை அப்பா

இடையில் என் கேள்வி ஒன்று. என் மகள் ஐந்தாம் வகுப்பு, அம்மை போட்டிருக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியவில்லை. "குணமாகும் வரை விடுப்பு" என்று எழுதலாமா? அம்மை என்று எழுதத் தயக்கமாகவும் இருக்கிறது, உடல்நலக்குறைவு என்று முடித்துவிடலாமா?

தேவகோட்டை ஆச்சி

அம்மைன்னே எழுதுங்க தம்பி. அது உங்க பிள்ளைக்கு மட்டும் உள்ள சங்கதி இல்ல, பக்கத்துல உக்காந்த பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கும். பள்ளிக்குத் தெரிஞ்சா அந்த வகுப்புல வேற யாருக்காவது கொப்புளம் வருதான்னு பார்ப்பாங்க. "உடல்நலக்குறைவு"ன்னா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

கோட்டையூர் எழுத்தர்

"குணமாகும் வரை" என்று முடிவில்லாமல் எழுதினால் எதிலும் சேர்க்க முடியாது. டாக்டர் எத்தனை நாள் ஓய்வு சொன்னாரோ அதற்கு ஒரு தேதி போட்டு எழுதுங்கள். நீண்டுவிட்டால், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு விடுப்பு நீட்டிப்பு என்று இரண்டாவது ஒன்று கொடுங்கள். நம் வீடுகளில் மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிறகுதான் பிள்ளையை அனுப்புவோம், அது வீட்டு வழக்கம். பள்ளிக்கு வேண்டியது வேறு: எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டியிருக்க வேண்டும். திரும்பி வரும் நாளில் டாக்டர் சீட்டு ஒன்று வைத்து அனுப்புங்கள்.

வேறொரு பிள்ளையும் அதே பள்ளியில் இருந்து, அதுவும் வீட்டில் இருக்கப் போகிறது என்றால் தனிக் கடிதம் வேண்டும். இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதினால் அது ஒரு வகுப்பிலேயே தங்கிவிடும்.

இப்போது புதுவயல் அம்மாவுக்கு. இதுவரை பேசியதையெல்லாம் வைத்து எழுதியது இது. சனிக்கிழமை பள்ளி இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

> அனுப்புநர்
> (தாய் பெயர்),
> (வீட்டு முகவரி),
> புதுவயல்.
>
> பெறுநர்
> தலைமையாசிரியர் அவர்கள்,
> (பள்ளியின் பெயர்),
> காரைக்குடி.
>
> வழி: வகுப்பு ஆசிரியர், 8-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
>
> பொருள்: மாணவர் (பெயர்), 8-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு – 27.01.2026 முதல் 02.02.2026 வரை விடுப்பு வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> வணக்கம். தங்கள் பள்ளியில் 8-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகன் (பெயர்), தைப்பூச நேர்த்திக்கடனுக்காகத் தன் தந்தையுடன் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்கிறான். 27.01.2026 செவ்வாய் காலை புறப்பட்டு, 02.02.2026 திங்கள் மாலை வீடு திரும்புவார்கள்.
>
> ஆகவே 27.01.2026 (செவ்வாய்) முதல் 02.02.2026 (திங்கள்) வரை 5 பள்ளி வேலைநாட்களுக்கு அவனுக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 03.02.2026 செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்கு வந்துவிடுவான்.
>
> அந்த நாட்களில் நடக்கும் பாடங்களை அவன் எழுதி முடிக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். 29.01.2026 அன்று நடக்கும் கணித அலகுத் தேர்வு குறித்துத் தாங்கள் சொல்லும்படி செய்கிறோம்.
>
> தேவைப்பட்டால் என்னை (கைப்பேசி எண்) என்ற எண்ணில் அழைக்கலாம்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இடம்: புதுவயல்
> நாள்: 21.01.2026

கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். நடக்கிறவர் போனில் சார்ஜ் இருக்காது, மடத்தில் தங்குகிற இடத்தில் சத்தத்தில் மணி கேட்கவும் கேட்காது. தமிழாசிரியை சொன்னதே சரி என்று பட்டால் அலகுத் தேர்வு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாம், மற்றது எதுவும் குலையாது.

வங்கி ஊழியர், காரைக்குடி

நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் மறுநாளே வகுப்புக்கு வருவான் என்று உறுதி கொடுக்கிறீர்கள். ஐந்து நாள் நடந்த பையன், காலில் கொப்புளம் இருக்கும். ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொண்டால் என்ன?

தேவகோட்டை ஆச்சி

இது நல்ல கேள்வி. வேண்டாம்னு என் மனசுக்குப் படுது. கூடக் கேட்டா அதுவும் ஒரு நாள் போச்சு. கால் வலிச்சா செவ்வாய் காலையில வகுப்பு டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, மறுநாள் ரெண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பலாம். ஆனா சின்னப் பிள்ளைன்னா எழுத்தர் தம்பி வேற சொல்லலாம்.

கோட்டையூர் எழுத்தர்

எட்டாம் வகுப்புக்கு ஆச்சி சொன்னதே போதும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: அனுமதி கிடைத்த விடுப்பு என்றாலும் அந்த நாட்கள் வந்த நாள் கணக்கில் சேராது. கடிதம் இருந்தால் சொல்லாமல் நின்றான் என்ற பேச்சு வராது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் அது பெரிய விஷயமில்லை. சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ படிக்கிற பிள்ளை என்றால், பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும், அங்கே இந்த நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் நடக்க வைக்க வேண்டும்.

கண்டனூர்க்காரர்

காய்ச்சல் கடிதத்தை விட இது கொஞ்சம் நீளம்தான். ஒரு பக்கத்துக்குள்ள முடியுது, பரவாயில்ல.

புதுவயல் அம்மா

டீச்சரிடம் கேட்டேன். 31 சனிக்கிழமை பள்ளி உண்டாம். அப்படியே மாற்றி எழுதிக் கொடுத்துவிடவா? தேர்வு வாக்கியத்தை வைத்துக்கொள்கிறேன்.

கோட்டையூர் எழுத்தர்

"5 பள்ளி வேலைநாட்கள்" என்பதை 6 ஆக்குங்கள், முதல் நாளும் கடைசி நாளும் அப்படியே நிற்கட்டும். கடிதத்தின் அடியில் இருக்கும் நாளையும் நீங்கள் கொடுக்கப் போகிற நாளுக்கு மாற்ற மறக்காதீர்கள்.